பந்தியில் பன்னிரண்டு நரம்புகள்



கபால நரம்புகள் பன்னிரண்டு. அவற்றின் பெயரையும் வேலையையும் மனத்தில் நிறுத்துவது எப்படி, அதற்கு ஒரு பயிற்சித் தாளை எப்படி எழுதிக்கொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு. இதற்கு ஒரு சொற்பொழிவு தேவையா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. வைவா மேசைக்கு அந்தப் பக்கம் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேவைதான்.

'ஆன் ஓல்ட் ஒலிம்பஸ்' என்று தொடங்கும் ஆங்கில வாய்ப்பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். சீனியர்கள் சொல்லிக்கொடுத்த, மேடையில் சொல்ல முடியாத வடிவங்களும் தெரியும். எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பன்னிரண்டு முதலெழுத்துகளை வரிசையாகத் தருகின்றன. அந்த எழுத்துகளில் முதல் மூன்றும் 'ஓ'. எந்த 'ஓ' ஆல்ஃபாக்டரி, எது ஆப்டிக், எது ஆகுலோமோட்டார் என்று வாய்ப்பாடு சொல்லாது. அது ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் வாய்ப்பாடே உதவும். அடுத்து இரண்டு 'டி'. ட்ரோக்லியர் முன்னா, ட்ரைஜெமினல் முன்னா என்று பரீட்சை அறையில் விழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நோயாளி வந்து "எனக்கு ஆறாம் நரம்பு" என்று சொல்வதில்லை. "வலது பக்கம் பார்த்தால் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது டாக்டர்" என்கிறார். அங்கிருந்து நரம்புக்குப் போகவேண்டும். முதலெழுத்து வாய்ப்பாட்டில் அந்த வழி கிடையாது. அதனால்தான் மாணவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி, முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறார்கள். தேர்வாளருக்குத் தோள் அசைவதிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே எழுத்தை விட்டுவிட்டுச் செயலைப் பிடிப்போம். கல்யாணப் பந்தியில் இலை முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பாரை மோந்து பார்க்கிறார். இலையைப் பார்க்கிறார். பாயசம் வருகிறதா என்று இமையை உயர்த்திப் பார்க்கிறார். பிறகு மூக்கு நுனியையொட்டிக் கீழே நோக்குகிறார். மெல்லுகிறார். ஓரக்கண்ணால் பக்கத்து இலையைப் பார்க்கிறார். சிரிக்கிறார். பரிமாறுகிறவர் கேட்பதைக் காதில் வாங்குகிறார். ரசத்தின் காரம் தொண்டையில் உறைக்கிறது. 'ஆ' என்கிறார். போதும் என்று தோளைக் குலுக்குகிறார். கடைசியில் உதட்டை நக்க நாக்கை நீட்டுகிறார். பன்னிரண்டு செயல், பன்னிரண்டு நரம்பு, அதே வரிசையில்.

இதில் நான்கு இடங்களைக் கவனித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக இமையை உயர்த்துவது ஆகுலோமோட்டார். கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் நான்கும் அதனிடம்தான் இருக்கின்றன. ஆனாலும் இமையைச் சொல்லக் காரணம், இமையை உயர்த்தும் பெரிய தசை வேறு எந்தக் கபால நரம்புக்கும் இல்லை. நான்காவது, மூக்கு நுனியையொட்டிக் கீழே பார்ப்பது. சுப்பீரியர் ஆப்ளிக் என்ற அந்த ஒற்றைத் தசைதான் ட்ரோக்லியரின் மொத்தச் சொத்து. கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும்போதுதான் அந்தத் தசை கண்ணை நன்றாகக் கீழிறக்கும். அதனால் இந்த நரம்பு கெட்டவர் படியிறங்கும்போதும் புத்தகம் படிக்கும்போதும்தான் திண்டாடுவார். ஆறாவது, ஓரக்கண். லேட்டரல் ரெக்டஸ் கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும். அப்டுசென்ஸுக்கு வேறு வேலை இல்லை. இந்த மூன்றையும் ஒரு வேதியியல் வாய்ப்பாடு போல LR6(SO4)3 என்று எழுதிவைப்பது பழைய வழக்கம். லேட்டரல் ரெக்டஸ் ஆறு, சுப்பீரியர் ஆப்ளிக் நான்கு, மீதியெல்லாம் மூன்று. மாற்றத் தேவையில்லாத நல்ல வாய்ப்பாடு அது.

நான்காவது இடம் ஒன்பதும் பத்தும். பல வாய்ப்பாடுகள் ஒன்பதுக்கு 'விழுங்குதல்' என்று போட்டுவிடுகின்றன. அது பாதிதான் உண்மை. கிளாசோஃபாரிஞ்சியலுக்கு ஸ்டைலோஃபாரிஞ்சியஸ் என்ற ஒரே ஒரு தசைதான் உண்டு. அது முக்கியமாகத் தொண்டையின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு. தொண்டையையும் அண்ணத்தையும் அசைப்பது பெரும்பாலும் வேகஸின் வேலை. அதனால்தான் பந்தியில் ஒன்பதுக்குக் காரம் உறைப்பதையும், பத்துக்கு 'ஆ' சொல்வதையும் வைத்தேன். வார்டில் வாயைத் திறந்து 'ஆ' சொல்லச் சொல்லும்போது நீங்கள் பார்ப்பது பத்தை. குச்சியால் தொண்டைச் சுவரைத் தொடும்போது உணர்வது ஒன்பது, குமட்டித் தூக்குவது பத்து.

சோதனை என்று வந்ததால் முதலாம் நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத் துளையை அடைத்து, மற்றதில் காப்பித்தூளைக் காட்டுங்கள், சோப்பும் ஆகும். கற்பூரமோ நீலகிரித் தைலமோ அம்மோனியாவோ வேண்டாம். அவை மூக்கின் உட்சவ்வை எரிச்சலூட்டும். அந்த எரிச்சலை எடுத்துச் செல்வது ஐந்தாம் நரம்பு. வாசனையே தெரியாதவரும் தைலத்துக்குத் தலையைப் பின்னுக்கு இழுப்பார். நீங்கள் ஒன்று நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவீர்கள்.

பந்தி வாய்ப்பாடு ஒரு நரம்புக்கு ஒரு வேலையைத்தான் தருகிறது. ஒற்றை வேலைக்காரர்களுக்கு அது போதும். நான்கு நரம்புகளுக்குக் கூடுதலாக ஒரு பாராசிம்பதெட்டிக் வேலையும் இருக்கிறது. அவற்றுக்கு 1973 என்ற ஆண்டை வைத்துக்கொள்ளுங்கள். 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியான ஆண்டு என்றால் உங்கள் தாத்தாக்களுக்கு உடனே புரியும். ஒன்று என்பதைப் பத்தாக வாசிக்கவேண்டும்: பத்து, ஒன்பது, ஏழு, மூன்று. பத்து இதயத்துக்கும் குடலுக்கும் போகிறது. ஒன்பது காதோர உமிழ்நீர்ச் சுரப்பிக்கு. ஏழு கண்ணீருக்கும் மற்ற உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும். மூன்று கண்பாவையைச் சுருக்குவதற்கு. கடைசியாகச் சொன்னதைத் தனியே நினைவில் வையுங்கள், சற்று நேரத்தில் அது தேவைப்படும்.

அடுத்தது, எந்தப் பக்கம் கோணும் என்ற கேள்வி. வைவாவில் அதிகம் பேர் சறுக்குவது இதில்தான். வலப்பக்க நரம்பு கெட்டால் நாக்கு வலப்பக்கம் போகிறது, உள்நாக்கு இடப்பக்கம் போகிறது, தாடை வலப்பக்கம், வாய் இடப்பக்கம். இதை நான்கு தனித்தனிச் செய்தியாக மனப்பாடம் செய்பவர், பரீட்சையன்று எப்படியும் இரண்டை மாற்றிச் சொல்வார். அதற்குப் பதிலாக அந்தத் தசை தள்ளுகிறதா, இழுக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

ஜீனியோகிளாசஸ் நாக்கை முன்னுக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் தள்ளும் தசை. இருபக்கமும் சமமாகத் தள்ளினால் நாக்கு நேராக நீளும். வலப்பக்கம் செயலிழந்தால் இடப்பக்கம் மட்டும் தள்ளும். நாக்கு வலப்பக்கம் சாயும், அதாவது கெட்ட பக்கம். தாடையைத் தள்ளும் லேட்டரல் டெரிகாய்டும் அப்படியே, ஐந்து கெட்டால் தாடை கெட்ட பக்கம் போகும். அண்ணத்தை உயர்த்தும் தசை இழுக்கிற தசை. வலப்பக்கம் போனால் இடப்பக்கத் தசை தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், உள்நாக்கு நல்ல பக்கம் போகும். வாயோரத் தசைகளும் இழுப்பவை, ஆகவே வாய் நல்ல பக்கம் கோணும். தள்ளும் தசை போனால் கெட்ட பக்கம், இழுக்கும் தசை போனால் நல்ல பக்கம். பதினொன்றாம் நரம்பின் ஸ்டெர்னோமாஸ்டாய்டும் இந்தக் கணக்கில் அடங்கும்: வலப்பக்கத் தசை முகத்தை இடப்பக்கம் திருப்புகிறது. 'இடப்பக்கம் திரும்புங்கள்' என்று சொல்லித் தாடையில் கைவைத்துத் தடுக்கும்போது நீங்கள் சோதிப்பது வலது நரம்பை. தேர்வாளர் இதைக் கேட்காமல் விடமாட்டார்.

இதுவரை வேலை. இனி இடம். நரம்புகளுக்கு இந்தப் பன்னிரண்டு எண்ணைக் கொடுத்தவர் சாமுவேல் தாமஸ் சோமரிங் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர், ஆண்டு 1778. அதற்கு முன் 1664-இல் தாமஸ் வில்லிஸ் ஒன்பது ஜோடிகளாகப் பிரித்திருந்தார். காலன் காலத்துக் கணக்கு ஏழு. சோமரிங்கின் எண்கள் மூளையின் அடிப்பகுதியில் முன்னிருந்து பின்னாக வரும் வரிசை. எனவே எண்ணைக் கேட்டாலே உயரம் தெரிந்துவிடும். ஒன்றும் இரண்டும் மூளைத்தண்டுக்கு மேலே. மூன்றும் நான்கும் நடுமூளையில். ஐந்து முதல் எட்டு வரை பான்ஸில். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மெடுல்லாவில். நான்கு நான்காகப் பிரித்தால் முடிந்தது.

உயரம் தெரிந்தது. நடுவிலா, ஓரத்திலா என்பதற்கு ஆஸ்திரேலிய நரம்பியலாளர் பீட்டர் கேட்ஸ் 2005-இல் ஒரு கட்டுரையில் எழுதிய வழி இருக்கிறது. நான்கின் விதி என்று அதற்குப் பெயர். நரம்பியல் படிக்காத மருத்துவர்களுக்காகவே அதை எழுதினார். ஒன்றையும் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டை மீதமில்லாமல் வகுக்கும் எண்கள் எவை என்று பாருங்கள்: மூன்று, நான்கு, ஆறு, பன்னிரண்டு. இந்த நான்கின் இயக்கக் கருக்களும் மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டியிருக்கின்றன. வகுக்காத ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று ஆகியவை பக்கவாட்டில். எட்டும் பத்தும் வகுக்காதவைதான், அவையும் பக்கவாட்டிலேயே. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. மூளைத்தண்டுக்கு இவ்வளவு மலிவான சாவி கிடைக்கும் என்று நான் மாணவனாக இருந்தபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நடுவில் ஓடும் பாதைகள் ஆங்கிலத்தில் 'எம்' எழுத்தில் தொடங்கும்: கைகாலை அசைக்கும் மோட்டார் பாதை, மூட்டின் நிலையையும் அதிர்வையும் உணர்த்தும் மீடியல் லெம்னிஸ்கஸ், இரு கண்களையும் சேர்த்து அசைக்கும் மீடியல் லாங்கிடியூடினல் ஃபாஸிகுலஸ், பிறகு மேலே சொன்ன மோட்டார் கரு. ஓரத்தில் ஓடுபவை 'எஸ்': தள்ளாட்டம் தரும் ஸ்பைனோசெரிபெல்லார், எதிர்ப்பக்க உடலின் வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் ஸ்பைனோதலாமிக், அதே பக்க முகத்தின் வலிக்கான ஐந்தாம் நரம்பின் சென்சரி கரு, சிம்பதெட்டிக் பாதை. எண்ணால் உயரம், எழுத்தால் ஓரமா நடுவா. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நோய் இருக்கும்.

இதை ஒரு நோயாளியிடம் போட்டுப் பார்ப்போம். பாடத்துக்காக நான் வரைந்த ஆள் அவர். வயது அறுபத்தொன்று, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. காலையில் எழுந்ததும் அறையே சுழல்கிறது, வாந்தி, நிற்காத விக்கல். நடக்க முயன்றால் வலப்பக்கம் சாய்கிறார். குரல் கம்மிவிட்டது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. குளியலறையில் வெந்நீர் ஊற்றியபோது இடது காலில் சூடே தெரியவில்லை என்று மனைவி சொல்கிறார். வலது இமை சற்று இறங்கியிருக்கிறது. கைகால் பலம் இருபுறமும் முழுதாக இருக்கிறது.

வார்டில் நிற்கும் மாணவர் முதலில் பார்ப்பது இமையை. இமை என்றால் மூன்று, மூன்று என்றால் நடுமூளை என்று ஓடுவார். 1973-இல் தனியே வைக்கச் சொன்னதை இங்கே எடுக்கவேண்டும். மூன்றாம் நரம்பு முழுதாகக் கெட்டால் கண்பாவை விரிந்திருக்கும், கண்ணும் கீழும் வெளியுமாக நிற்கும். இவருக்கு வலது கண்பாவை சுருங்கியிருக்கிறது, கண் எல்லாத் திசையிலும் அசைகிறது. ஆகவே இது மூன்று அல்ல. இறங்கிய இமையும் சிறுத்த பாவையும் சேர்ந்தால் ஹார்னர், சிம்பதெட்டிக் பாதை அறுந்திருக்கிறது. அது ஓரத்துப் பாதை, ஓர் 'எஸ்'.

'ஆ' சொல்லச் சொல்கிறோம். உள்நாக்கு இடப்பக்கம் போகிறது. இழுக்கும் தசை, நல்ல பக்கம். அப்படியானால் வலது பத்து. வலப்பக்கத் தொண்டையைத் தொட்டால் உணர்வும் மந்தம், ஒன்பதும் சேர்ந்துகொண்டது. ஒன்பதும் பத்தும் என்றால் உயரம் மெடுல்லா. இரண்டும் பன்னிரண்டை வகுக்காது, அதாவது ஓரம். குண்டூசியால் சோதித்தால் வலது முகத்தில் வலி தெரியவில்லை. இடது கையிலும் காலிலும் தெரியவில்லை. முதலாவது ஐந்தின் சென்சரி கரு, இரண்டாவது ஸ்பைனோதலாமிக். இன்னும் இரண்டு 'எஸ்'. வலப்பக்கத் தள்ளாட்டம் ஸ்பைனோசெரிபெல்லார். நான்கு 'எஸ்'ஸும் நிறைந்துவிட்டன.

இங்கேதான் மாணவர்கள் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள், இல்லாததையும் தேடுங்கள். நாக்கை நீட்டச் சொன்னால் நேராக வருகிறது, பன்னிரண்டு தப்பியது. கைகால் பலம் இருக்கிறது, மோட்டார் பாதை தப்பியது. கண்ணை மூடி, கால் கட்டைவிரலை மேலே அசைக்கிறோமா கீழே அசைக்கிறோமா என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார், லெம்னிஸ்கஸ் தப்பியது. 'எம்' ஒன்றும் போகவில்லை. வலது மெடுல்லாவின் பக்கவாட்டுப் பகுதி. 1895-இல் அடால்ஃப் வாலன்பெர்க் விவரித்ததால் அவர் பெயரில் வழங்கும் நோய் இது. பெரும்பாலும் அடைபட்டிருப்பது வெர்டிப்ரல் ரத்தக்குழாய். பாடப்புத்தகங்கள் முதலில் சொல்லும் பின்கீழ்ச் சிறுமூளைத் தமனி அதற்கு அடுத்தபடிதான்.

விதிக்குச் சில ஓட்டைகளும் உண்டு. ஐந்தின் சென்சரி கரு பான்ஸோடு நிற்பதில்லை, நடுமூளையிலிருந்து கழுத்துத் தண்டுவடம் வரை இறங்குகிறது. அதனால்தான் மெடுல்லாவில் அடைப்பு வந்தவருக்கு முகம் மரத்துப்போனது. எட்டு, பான்ஸும் மெடுல்லாவும் சேருமிடத்தில் இருப்பதால் தலைச்சுற்றல் இரண்டிலும் வரும். பதினொன்றின் பெரும்பகுதி கழுத்துத் தண்டுவடத்திலிருந்து மேலேறி மண்டைக்குள் நுழைந்து மறுபடி வெளியே வருகிறது. இரண்டு, நரம்பு என்று பெயர் இருந்தாலும் மூளையின் நீட்சி. ஒரே நரம்பு தனியாகக் கெட்டிருந்தால் விதியைத் தூக்கிக்கொண்டு மூளைத்தண்டுக்குள் ஓடாதீர்கள். வெளியே, அதன் வழிநெடுகத் தேடுங்கள். இன்னொன்று: வாலன்பெர்க் நோயாளியின் முதல் சிடி ஸ்கேன் சுத்தமாக இருக்கலாம், முதல் நாளில் எடுத்த எம்ஆர்ஐகூடச் சில சமயம் காட்டிக்கொடுக்காது. 'காது சம்பந்தப்பட்ட சுற்றல்' என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களில் இவர்களும் இருக்கிறார்கள். புரையேறுகிறதா என்று ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

இப்போது பயிற்சித் தாள். ஒரு ஏ4 தாளை நெடுக்காக மடியுங்கள். முன்பக்கம் எண் வரிசை: இடது பாதியில் எண் மட்டும், வலது பாதியில் பெயர், பந்திச் செயல், படுக்கையருகே செய்யும் ஒரு சோதனை. இந்தப் பக்கத்தை எல்லோரும் எழுதிவிடுவார்கள். பின்பக்கம்தான் தாளின் உயிர். அங்கே வரிசையே இருக்கக் கூடாது. இடது பாதியில் நோயாளி காட்டும் குறி, வலது பாதியில் எண்ணும் பக்கமும். குறியிலிருந்து எண்ணுக்கு வரும் வழியை உழுது வைப்பது அந்தப் பக்கம்.

பதிலை எழுதிய பிறகுதான் மடிப்பைப் பிரிக்கவேண்டும். மனத்துக்குள் 'தெரியும்' என்று சொல்லிக்கொண்டு பிரிப்பது, தாளைச் சும்மா வாசிப்பதற்குச் சமம். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள், ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதியவர்கள் என இரண்டு குழு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள் சற்று முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. பரீட்சைக்கு முந்தின இரவு படிப்பது ஏன் பலிப்பதுபோல் தோன்றுகிறது என்பதும், வார்டுக்கு வரும்போது ஏன் ஒன்றுமே இருப்பதில்லை என்பதும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

தவறிய கேள்விக்கு ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் புள்ளி வைத்தவை மட்டும். மூன்று நாள் கழித்து முழுத் தாளும். அடுத்த வாரம் இன்னொரு முறை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் தாளில் கேள்விகள் அதிகம் என்று பொருள். வலது, இடது என்று கேள்வியிலேயே பக்கம் இருக்கட்டும். பக்கம் எழுதாத பதிலுக்குப் பாதி மதிப்பெண்கூடத் தராதீர்கள்.

பின்பக்கத்துக்கு மாதிரியாகச் சில கேள்விகள்:

படியிறங்கும்போது படிகள் இரண்டாகத் தெரிகின்றன. தலையை இடப்பக்கம் சாய்த்தால் ஒன்றாகிவிடுகிறது.

வாய் இடப்பக்கம் கோணுகிறது. புருவத்தை உயர்த்தினால் நெற்றி இருபுறமும் சுருங்குகிறது.

கழுத்தின் பக்கவாட்டில் நெறிக்கட்டி எடுத்த பிறகு வலது தோளை உயர்த்த முடியவில்லை; முகத்தை இருபுறமும் திருப்ப முடிகிறது.

சில வாரங்களாகத் தலைவலி, காலையில் வாந்தி. இரண்டு கண்களுமே வெளிப்பக்கம் முழுதாகப் போகவில்லை.

வலது கண்ணில் டார்ச் அடித்தால் எந்தப் பாவையும் சுருங்கவில்லை. இடது கண்ணில் அடித்தால் இரண்டும் சுருங்குகின்றன.

வலது கருவிழியைப் பஞ்சு நுனியால் தொட்டால் எந்தக் கண்ணும் இமைக்கவில்லை. இடதைத் தொட்டால் இரண்டும் இமைக்கின்றன.

முதல் கேள்விக்கு வலது நான்கு. தலை, கெட்ட பக்கத்துக்கு எதிராகச் சாயும். இரண்டாவதில் ஏழு என்று எழுதியவர்கள் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நரம்பே கெட்டிருந்தால் வலது நெற்றியும் சேர்ந்து போயிருக்கும். மேல் முகத்துக்கு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் கட்டளை வருவதால் நெற்றி தப்பியிருக்கிறது. நோய் இடது மூளையில், கருவுக்கு மேலே. மூன்றாவதில் வலது பதினொன்று, ஆனால் ஸ்டெர்னோமாஸ்டாய்டுக்குக் கிளை கொடுத்துவிட்டுக் கழுத்தின் பின்முக்கோணத்தில் தோலுக்கு அருகே ஓடும் பகுதி. கத்தி பட்டிருப்பது அங்கே. முகத்தைத் திருப்ப முடிவது அதனால்தான்.

நான்காவதுதான் தாளிலேயே பொல்லாதது. இரண்டு ஆறும் கெட்டிருக்கின்றன, ஆனால் பான்ஸில் எதுவும் இல்லை. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால், பான்ஸுக்கும் எலும்புக்கும் இடையே ஏறிப்போகும் ஆறாம் நரம்பு இழுபட்டுச் செயலிழக்கும். கட்டி வேறெங்கோ இருக்கும். எண்ணால் உயரம் என்ற நம் விதி இங்கே ஏமாற்றும். கண்ணின் உட்பகுதியைப் பார்த்து ஆப்டிக் டிஸ்க் வீங்கியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டாம்.

ஐந்தாவது, ஆறாவது கேள்விகளை ஜோடியாகவே படிக்கவேண்டும். இரண்டிலும் ஒரு நரம்பு சேதியைக் கொண்டுபோகிறது, வேறொன்று வேலையைச் செய்கிறது. வெளிச்சத்தைக் கொண்டுபோவது இரண்டு, பாவையைச் சுருக்குவது மூன்று. இடது வெளிச்சத்துக்கு இரண்டு பாவையும் சுருங்கியதால் மூன்று இருபுறமும் நன்றாக இருக்கிறது. குறை வலது இரண்டில். கருவிழியின் தொடுகையைக் கொண்டுபோவது ஐந்து, இமையை மூடுவது ஏழு. இடதைத் தொட்டபோது வலது கண்ணும் இமைத்ததால் வலது ஏழு தப்பியது. குறை வலது ஐந்தில். வலதைத் தொட்டால் இடது கண் மட்டும் இமைத்தது, இடதைத் தொட்டாலும் இடது மட்டும்தான் இமைத்தது என்றால் அது வலது ஏழு. பஞ்சைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவாருங்கள். நேரே கொண்டுவந்தால் பார்த்ததற்கே இமைத்துவிடுவார், நீங்கள் சோதித்தது இரண்டாம் நரம்பாகிவிடும். வெள்ளைப் பகுதியைத் தொட்டாலும் கணக்கில் வராது, கருவிழியின் ஓரத்தைத் தொடவேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா என்றும் முதலில் கேட்டுவிடுங்கள். நெடுநாள் போட்டவர்களுக்குக் கருவிழி பழகி மரத்திருக்கும்; ஐந்து நன்றாக இருந்தும் இமைப்பு மந்தமாகவே இருக்கும்.